செவ்வாய், பத்தேகால்

புதன்கிழமை காலை டீ இடைவேளை முடிந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் விக்டோரியாவை மனிதவளப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். தேர்வாய் கண்டிகையில் வண்டிப் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் அவள் ஏழு வருடமாகத் தர ஆய்வாளர். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் மூன்று முறைதான் போயிருக்கிறாள்.

உள்ளே மனிதவள அதிகாரி காயத்ரி இருந்தாள். பக்கத்து நாற்காலியில் உற்பத்தி மேலாளர் ஹேமநாத். மேஜையில் ஒரு தாள். செல்போன் திரையைப் படமெடுத்து அச்சிட்ட தாள் அது. விக்டோரியாவின் லிங்க்ட்இன் பதிவு. பெயருக்குக் கீழே, பதிவு வந்து மூன்று நிமிடம் ஆகிறது என்று காட்டியது. படத்தின் மேல்மூலையில் போனின் கடிகாரம் 10.18 என்றது.

"நேத்து ஷிஃப்ட் நேரத்துல போட்டிருக்கீங்க," என்றாள் காயத்ரி. "வெளிய வேலை செய்ய உங்களுக்கு பர்மிஷன் இருக்கு. ஆனா ட்யூட்டி டைம்ல கூடாதுன்னு அதுலயே கண்டிஷன் இருக்கு. இது நோட்டீஸ். மூணு நாளைக்குள்ள விளக்கம் எழுதிக் கொடுக்கணும்."

விக்டோரியா தாளைப் பார்த்தாள். அந்த அனுமதியை அவள் முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கியிருந்தாள். போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது, கம்பெனி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது, வேலை நேரத்தில் செய்யக் கூடாது. மூன்றையும் வேதவாக்காகக் காத்து வந்தவள் அவள்.

கும்மிடிப்பூண்டியில் நாலைந்து பேரை வைத்து நடத்துகிற சின்னப் பட்டறைகள் நிறைய உண்டு. அவர்களுக்கு அளவெடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதும், சோதனைத் தாள் தயாரித்துக் கொடுப்பதும் அவளது சொந்தத் தொழில். தன்னைத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான் என்பதால் ஐந்து மாதத்துக்கு முன் லிங்க்ட்இனில் எழுத வாராந்தர அட்டவணை ஒன்று போட்டாள். செவ்வாய், அளவெடுப்பதில் ஒரு தவறு. வியாழன், வாசகருக்கு ஒரு கேள்வி. சனி, ஏதாவது ஒரு பட்டறையில் நடந்தது, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு. மூன்றையும் ஞாயிறு மத்தியானம், கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்ட பிறகு, மணவாள நகர் வீட்டில் உட்கார்ந்து எழுதி, என்றைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நேரம் குறித்து வைத்துவிடுவாள். அப்புறம் அது தானாகப் போகும். கருத்துகளுக்குப் பதில் எழுதுவது மாலை கம்பெனிப் பஸ்ஸில், ஊத்துக்கோட்டை தாண்டுவதற்குள்.

முதல் ஆறு வாரம் இரவு ஏழு மணிக்குத்தான் குறித்தாள். நூறு பேர் பார்த்தால் அதிகம். பட்டறை முதலாளிகள் போனைத் திறப்பது காலை டீ வேளையில் என்று தெரிந்த பிறகு செவ்வாயையும் சனியையும் பத்தேகாலுக்கு மாற்றினாள். வியாழன் மத்தியானம் ஒன்றேகால். அதன் பிறகு ஆயிரத்தைத் தாண்டியது. வேலை கேட்டு ஆட்களும் எழுத ஆரம்பித்தார்கள்.

"மேடம், என் போன் இப்ப எங்க இருக்குது?" என்றாள் விக்டோரியா.

காயத்ரிக்குப் புரியவில்லை.

"கேட்ல இருக்குது. ஷாப் ஃப்ளோர் ஆளுங்க எட்டரைக்கு உள்ள வரும்போதே போனைக் குடுத்துட்டுத்தான் வர்றோம். ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு. நேத்தும் அப்பிடித்தான். அப்புறம் பத்தேகாலுக்கு நான் எதுல போடுவேன்? அந்தப் போனையும் ரிஜிஸ்டரையும் எடுத்தாரச் சொல்லுங்க."

ஹேமநாத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காயத்ரி கேட்டுக்கு போன் செய்துவிட்டாள். காவலாளி துலுக்காணம் இரண்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"இன்னாம்மா விக்டோரியா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. நேத்து நான் எப்ப போன் குடுத்தேன், எப்ப வாங்குனேன், அதை மட்டும் மேடத்துக்குக் காட்டுங்க."

எட்டு இருபத்தைந்துக்குக் கொடுத்தது. ஐந்து முப்பத்தெட்டுக்கு வாங்கியது. துலுக்காணம் விரலை வைத்துக் காட்டினார். விக்டோரியா போனில் புதுப் பதிவு எழுதும் இடத்தைத் திறந்து, கடிகாரக் குறியைத் தொட்டு, நேரம் குறித்து வைத்த பதிவுகளின் பட்டியலை எடுத்துக் காயத்ரி பக்கம் திருப்பினாள். வியாழன் 1.15. சனி 10.15.

"நாளைக்கு மத்தியானம் ஒண்ணேகாலுக்கு இது போவும். நான் கேன்டீன்ல சாப்பிட்டுக்கினு இருப்பேன். வந்து பாத்துக்கோங்க."

"போஸ்ட்டு தானா போகலாம்," என்றார் ஹேமநாத். "ஆனா மனசு எங்க இருக்கு? அதுதான் கேள்வி. நம்ம ஆளு காலையில வெளிய பேசிக்கிட்டிருந்தா கம்பெனிக்கு என்ன மரியாதை?"

விக்டோரியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பத்து நாளைக்கு முன் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்தவர், கூட்டத்துக்கு நடுவில் அவளது பதிவொன்றைச் சொல்லியிருந்தார். எந்திரத்திலிருந்து சூடாக வந்த உலோகத் துண்டை ஆறவிடாமல் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதுதான் அது. "உங்க விக்டோரியா எழுதியிருக்காங்களே, நீங்க ஏன் இங்க ஆறவிடறதில்ல?" என்று அவர் கேட்டபோது ஹேமநாத் சிரித்து மழுப்பினார்.

"சார், பத்து பதினெட்டுக்கு இந்தப் படத்தை எடுத்தது யாரு?" என்றாள் விக்டோரியா.

காயத்ரி ஹேமநாத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆபீஸ் ஆளுங்க போன் வெச்சிக்கலாம், அது எனக்குத் தெரியும். ஆனா வேலை நேரத்துல லிங்க்ட்இன் பாத்துக்கினு இருந்தது நான் இல்ல. நோட்டீஸ் மட்டும் எனக்கு."

துலுக்காணம் ரிஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

காயத்ரி குரலைத் தணித்தாள். "விக்டோரியா, ஈஸியா முடிச்சிடலாம். இனிமே ஷிஃப்ட் டைம்ல போஸ்ட் வராதுன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடுங்க. சாயங்காலத்துக்கு மாத்திக்கோங்க."

எழுதிக் கொடுத்தால் தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதோடு மாலைக்கு மாற்றினால் ஐந்து மாத உழைப்பும் தண்ணீரில் போகும். "செய்யாத தப்புக்கு எழுதித் தர மாட்டேன் மேடம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்று முழுக்க மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை அளந்தாள்.

வியாழன் மத்தியானம் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது காயத்ரியே கேன்டீனுக்கு வந்தாள். கையில் தன் போன். எதிரே நின்று, திரையையும் விக்டோரியாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வந்துடுச்சு," என்றாள்.

"ஆமா மேடம்."

அன்று மாலையே விக்டோரியா ஒரு பக்க விளக்கத்தை, அனுமதிக் கடிதத்தின் நகலோடு கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. விசாரணை முடிக்கப்படுகிறது, இனி இவ்வாறு நிகழாதபடி எச்சரிக்கப்படுகிறார் என்று இருந்தது.

எது நிகழாதபடி? பஸ்ஸில் அந்தத் தாளை எத்தனை முறை படித்தாளோ தெரியாது. அந்த இரண்டு நாளில் மூன்று பட்டறைக்காரர்கள் செய்தி அனுப்பியிருந்தார்கள். விளக்கம் எழுதும் மும்முரத்தில் அவள் ஒருவருக்கும் பதில் போடவில்லை. அதில் ஒருவர், வேறு ஆளைப் பார்த்துக்கொண்டதாக எழுதிவிட்டார். அதைப் படித்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் காயத்ரியின் மேஜையில் திருப்பி வைத்தாள். "எச்சரிக்கைங்கிற வார்த்தை என் ஃபைல்ல இருந்தா நாளைக்கு எவன் வேணாலும் அதைக் காட்டிப் பேசுவான். நோட்டீஸை வாபஸ் வாங்குறோம், குற்றத்துக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதுங்க."

"ஹேமநாத் சாரு ஒத்துக்கணுமே."

"ரிஜிஸ்டர் ஒத்துக்கினுச்சு மேடம்."

ஞாயிறு மத்தியானம் வழக்கம்போல உட்கார்ந்தாள். கோபத்தில் முதலில் எழுதியது ஹேமநாத்தைப் பற்றி. அதை அழித்தாள், அவருக்குப் பயந்து அல்ல, கம்பெனி விஷயம் வெளியே போகக் கூடாது என்பது தன் கையெழுத்துள்ள வாக்கு என்பதால். பிறகு மூன்று பதிவும் எழுதி முடிக்க வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று. நேரத்தை மாற்றவில்லை.

திங்கட்கிழமை காயத்ரி கூப்பிட்டாள். நோட்டீஸ் வாபஸ், குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. நான்கே வரி. வருந்துகிறோம் என்று எங்கும் இல்லை. விக்டோரியா இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இதுல ஹேமநாத் சாருக்கு நகல்னு இல்லையே?"

"அது அவசியமா?"

"நோட்டீஸ்ல அவருக்கு நகல்னு இருந்துச்சு மேடம்."

காயத்ரி கணினியில் அந்த வரியைக் கடைசியில் சேர்த்து அச்சடிக்கக் கொடுத்தாள். தாள் வெளியே வரும்வரை விக்டோரியா அங்கேயே நின்றாள். "உட்காருங்க" என்று காயத்ரி சொன்னபோதும் உட்காரவில்லை.