அவள் பெயரில் வாங்கியது

நான்கு மணிக்கு இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தது. ஸுஹைறாவின் போனோ மூன்றாவது தடவையாக, "இந்தப் பயிற்சியை நீங்கள் இன்னும் வாங்கவில்லை" என்றது.

திங்கட்கிழமை கொழும்பில் அவளுக்கு நேர்முகப் பரீட்சை. இங்கிலீஷில் கேட்பார்கள். அதற்காகத்தான் அவள் கணவன் முபாறக் புதன்கிழமை சம்மாந்துறை அரிசி ஆலையில், தன் அலுவலகக் கம்பியூட்டரில், அந்த நிறுவனத்தின் வெப்சைட்டுக்குப் போய்ப் பயிற்சியை வாங்கினான். ஆசிரியையோடு ஒரேயொரு ஒத்திகை நேர்முகம் அதில் உண்டு. இன்று நான்கு மணி என்று நேரமும் பதிந்திருந்தான். ஆனால் பேசுவது ஆப்பில் மட்டும்தான். இன்று தவறினால் அடுத்த இடம் செவ்வாய்க்கிழமை.

"மெய்யாலும் வாங்கினீங்களா?" என்றாள்.

"ஓம் ஸுஹைறா. உன்ட பேருலதான் வாங்கினன்."

நிக்காஹ் முடிந்து நாலு மாதம். கல்முனையில் அவள் பெயரில் எழுதிய வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன், கரண்ட் பில்லிலிருந்து கேஸ் சிலிண்டர் துண்டுவரை எல்லாவற்றையும் அவள் பெயரிலேயே போட்டுக்கொண்டிருந்தான். பெயர் சரியாக இருந்தால் போதும் என்பது அவன் எண்ணம்.

உம்மா சரீபா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னகா, இன்னமும் தொறக்கல்லையா?"

"வாங்கினதக் காட்டுதில்ல உம்மா."

"மருமகன ஆரும் ஏமாத்திப் போட்டானோ தெரியா."

முபாறக்கின் காது சிவந்தது. அவன் பேங்க் மெசேஜைக் காட்டினான். நிறுவனத்தின் பெயர், புதன்கிழமைத் திகதி, எல்லாம் சரி. சல்லி போயிருக்கிறது. அப்படியென்றால் பயிற்சி எங்கே? 'வாங்கியதை மீட்டெடு' என்ற பொத்தானையும் அமத்திப் பார்த்தாள். மீட்க எதுவும் இல்லை என்றது.

உதவி இலக்கத்துக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னாள். அப்ராஸ் என்று ஒருவர் தமிழில் கதைத்தார்.

"மெடம், அந்த மீட்டெடுக்கிற பொத்தான் போன்ட ஆப் ஸ்டோர்ல வாங்கினதுக்குத்தான். நீங்க வாங்கினது வெப்சைட்டுல. வாங்கக்குள்ள குடுத்த அதே ஈமெயிலால ஆப்புக்குள்ள போகணும். நீங்க இப்ப எதால போயிருக்கீங்க?"

போன் வாங்கிய அன்று கடைக்காரர் திறந்து தந்த ஈமெயிலை அவள் சொன்னாள்.

"அதுல ஒண்டும் வாங்கியில்லையே."

முபாறக்கின் ஈமெயிலைச் சொன்னாள். அதிலும் இல்லை.

"அப்ப வேற எதுல இரிக்கி? நீங்களே பாத்துச் சொல்லுங்களன்."

"அடுத்த ஆக்கள்ட ஈமெயில நாங்க சொல்லேலா மெடம். பற்றுச்சீட்டு வந்த இன்பொக்ஸத் தேடிப் பாருங்க."

"எனக்கு ஒரு ஈமெயில்தானே இரிக்கி!"

மணி மூன்று நாற்பத்தெட்டு. திரையில் 'வாங்கு' என்ற பச்சைப் பொத்தான் மினுங்கியது. அவள் விரல் அதனருகே போனது. "அப்ப இன்னொருக்கா வாங்கட்டா?" என்றாள்.

"திருப்பி வாங்கிராதீங்க மெடம்," என்றார் அப்ராஸ். "முதல் வாங்கினது வேறொரு ஈமெயில்ல இரிக்கும், பிறகு ரெண்டு ஆயிரும்."

ஸுஹைறா கணவனைப் பார்த்தாள். அவன் பார்வை தன் மாமியாரிடம் போய், நிலத்துக்கு வந்து, போனில் நின்றது. பொய் சொல்லிவிட்டானோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

"கொஞ்சம் தா," என்று போனை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அவளும் பின்னாலேயே போனாள்.

"அது இன்னொரு ஈமெயில்," என்றான் மெதுவாக. ஆப்பிலிருந்து வெளியேறி, எழுத்தெழுத்தாக அடித்தான். suhairamubarak2021.

அவள் இரண்டு தடவை வாசித்தாள். அவர்களுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியதே போன வருடம்தான்.

"இது ஆர் தொறந்தது?"

"நான்தான். நீ ஒலுவில் கெம்பஸ்ல படிக்கக்குள்ள."

"அப்ப என்னத் தெரியுமா உங்களுக்கு?"

"உனக்குத்தான் என்னத் தெரியா," என்றான். "ஒருநாள் உனக்கே குடுக்கலாமெண்டு வெச்சிருந்தன். உன்ட பேருதானே, அதுல வாங்கினா உனக்கு வந்திரும் எண்டு நினைச்சிட்டன். மாமி நிக்கக்குள்ள எப்பிடிச் சொல்ற?"

பாஸ்வேர்டையும் அவனே அடித்தான். திரை ஒருமுறை சுற்றி நின்றது. பயிற்சி, பாடங்கள், கீழே 'ஒத்திகை நேர்முகம், மாலை 4.00'.

அழைப்பு இன்னும் வெட்டுப்படவில்லை. "தொறந்திட்டா மெடம்?" என்றார் அப்ராஸ். "வேணுமெண்டா இத உங்கட மற்ற ஈமெயிலுக்கு மாத்தித் தரலாம். ஒருநாள் எடுக்கும்."

"வேணாம்," என்றாள் ஸுஹைறா. "இதுலயே இரிக்கட்டும்."

மூன்று ஐம்பத்தொன்பதுக்கு அறைக்குள் போய் அமர்ந்தாள். திரையில் வந்த ஆசிரியை சிரித்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். நாலு நாளாகப் பாடமாக்கிய பதில் சுத்தமாக மறந்திருந்தது. கதவுக்கு வெளியே உம்மா மருமகனைக் கேட்பது மட்டும் கேட்டது.

"என்ன மகன் நடந்த?"

"ஒண்டுமில்ல மாமி. ஈமெயில் மாறிப்போச்சி."

ஸுஹைறா தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தன் பெயரிலிருந்து தொடங்கினாள்.