பன்னிரண்டு மர ஆணிகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வளையல்காரி என்று பெயர். கையில் ஒரு வளையல்கூடக் கிடையாது. மரத்துக்குள் இருக்கும் வளையங்களை எண்ணிப் பழைய கட்டடங்களுக்கு வயது சொல்வது அவள் பிழைப்பு, அதனால் வந்த பெயர். இருபது வருடத்தில் அவள் சொன்ன வருடம் ஒன்றுகூடத் தப்பியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் டீச்சர் வீட்டுக்கு அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையிலும் வருடம் தப்பவில்லை. தப்பியது அதற்கு அடுத்த வரி.

டீச்சர் என்றால் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தனி ஆள். அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, 1963இல், அப்பா காணாமல் போய்விட்டார். எவளோடோ ஓடிப்போய்விட்டார் என்று ஊர் பேசியது. அம்மா அதை மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை, போய்ச் சேரும் வரை வாயைத் திறக்கவில்லை. அம்மா போனபிறகு டீச்சர் டேப்பை எடுத்து வீட்டை அளந்தார். பரணுக்கு வெளியே இருந்த நீளம் உள்ளே இல்லை, நாலடி குறைந்தது. பரணின் கோடியில் இருந்த பலகைத் தடுப்புக்குப் பின்னால் அந்த நாலடி இருந்தது.

திறந்து பார்க்க அனுமதி கேட்டார். புராதனக் கட்டடம், அதனால் முதலில் தடுப்பின் வயது தெரிய வேண்டும் என்றது தொல்லியல் அலுவலகம். வளையல்காரி வந்து ஓக் பலகைகளில் துளையிட்டுப் பென்சில் தடிமனுக்கு மரம் எடுத்தாள். தொண்ணூறு வளையங்கள், கடைசி வளையத்துக்கு மேல் பட்டைகூட ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டை இருந்தால் மரம் வெட்டிய வருடமே தெரிந்துவிடும், இல்லாவிட்டால் 'இதற்குப் பிறகு' என்று மட்டும்தான் சொல்ல முடியும். அவள் எழுதினாள்: மரம் வெட்டியது 1783ஆம் வருடக் குளிர்காலம். கை சும்மா இருந்ததா? 'தடுப்பும் அப்போதே அமைக்கப்பட்டது, பிறகு திறக்கப்படவில்லை' என்றும் சேர்த்தாள். முதல் வரி மரம் சொன்னது. இரண்டாவது வரி இவளே சொன்னது. அந்த இரண்டாவது வரியைக் காட்டித்தான் அலுவலகம் அனுமதி மறுத்தது.

இந்த வருடம் கூரை ஒழுகியது. பழுதுபார்க்க வந்த தச்சர் அவளுக்குப் போன் போட்டார். "அம்மா, நீங்க பலகையைப் பார்த்தீங்க, பலகையைப் பிடிச்சிருக்கிற ஆணியைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. வெட்கத்தோடு போய்ப் பரணில் ஏறினாள். தடுப்பு முழுக்க மர ஆணிகள். பெரும்பாலானவை கருத்து, பலகையோடு பலகையாக இறுகிக் கிடந்தன. நடுவில் மூன்று பலகைகளில் மட்டும் வெளிறிய ஆணிகள் இருந்தன, தொட்டால் ஆடின.

"பச்சை மரத்துல சீவி உடனே அடிச்சிருக்காங்க. காஞ்சதும் வத்திப்போச்சு. தொழில் தெரிஞ்சவன் செய்ற வேலையில்ல இது" என்றார் தச்சர். சொல்லிக்கொண்டே பலகையைச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். உள்ளே இருந்து ஒரு தட்டு கேட்டது, சற்றுத் தாமதமாக. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வெற்றிடம் அப்படித்தான் ஒலிக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பலகையைத் திறக்க இன்னும் அனுமதி இல்லை, ஓர் ஆணியை மட்டும் உருவினார்கள். ஆப்பிள் கிளை, நுனியில் துண்டுப் பட்டை சீவப்படாமல் இருந்தது. மொத்தம் ஒன்பது வளையம். ஒன்பதை வைத்துக்கொண்டு வளையல்காரி ஒன்றும் கிழிக்க முடியாது. பொருத்திப் பார்க்க ஐம்பது வளையமாவது வேண்டும், அதுவும் ஆப்பிளுக்கு அவளிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணையே இல்லை. முதல் வளையத்தையும் கடைசி வளையத்தையும் தனித்தனியே செதுக்கிக் கார்பன் சோதனைக்கு அனுப்பினாள்.

முடிவு வந்ததும் டீச்சர் வீட்டுக்கே நேரில் போனாள். சமையலறையில் டீச்சர் காபி கலந்தார். சுவரில் குச்சி குச்சியாகக் கரிக்கோடுகள் இருந்தன. அவள் அதைப் பார்ப்பதைக் கண்டு டீச்சர் சிரித்தார்.

"நான் எண்ணப் படிச்ச லட்சணம். அம்மா இந்தப் படியில உக்காந்து குச்சி சீவிட்டே எண்ணச் சொல்லுவா. பன்னிரண்டுதான் இருக்கும், எனக்குப் பதிமூணு வரும். அதுக்கு ஓர் அறை விட்டா பாருங்க, கன்னம் வீங்கிப்போச்சு. அந்த ரோஷத்துலதான் கணக்கு டீச்சரே ஆனேன்."

வளையல்காரி காபியைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், முதல்ல நான் மன்னிப்புக் கேக்கணும். பலகை 1783தான். ஆனா மரம் எப்ப வெட்டினதுன்னு தெரிஞ்சாலும், அந்தப் பலகையை எப்பக் கழட்டினாங்க, எப்பத் திரும்ப மாட்டினாங்கன்னு தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

"கார்பன்ல தெரியுமா?"

"பலகையைக் குடுத்திருந்தா அது திணறியிருக்கும். கடைசி முன்னூறு வருஷத்துல அதுக்குப் பதினேழாம் நூற்றாண்டும் ஒண்ணுதான், பத்தொன்பதும் ஒண்ணுதான். ஆனா அம்பதுகள்ல அணுகுண்டு சோதனை பண்ணாங்க இல்லையா, அதுல காத்துல கதிரியக்கக் கார்பன் ஏறிடுச்சு, அறுபதுகளோட நடுவரைக்கும் மடமடன்னு ஏறிச்சு. ஒவ்வொரு வளையமும் அந்தந்த வருஷத்துக் காத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். ஆணியோட முதல் வளையத்துல கூடுதல் இல்ல. கடைசி வளையத்துல நிறைய. ஏறிட்டிருந்த காலம்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு. கிளையை வெட்டினது 1963, ஒரு வருஷம் முன்னப்பின்ன."

அப்பா தன்னை விட்டுவிட்டுப் போனாரா இல்லையா என்பதுதான் டீச்சர் வாழ்க்கை முழுக்கக் கேட்ட ஒரே கேள்வி. அதற்கு விடை இந்த மேசை வரை வந்துவிட்டது.

"யார் அடிச்சாங்கன்னு சொல்லுமா?"

"சொல்லாது."

"என்ன மரம்?"

"ஆப்பிள்."

டீச்சர் ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு ஆப்பிள் மரம் நின்றது, வயதாகி ஒரு பக்கம் சாய்ந்து.

"தச்சர் சொன்ன அந்த வெளுத்த ஆணி எத்தனை இருந்தது?"

வளையல்காரிக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எண்ணைத் தப்பாகச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. "பன்னிரண்டு."

டீச்சர் எழுந்து அந்தப் படியருகே போய் நின்றார். குரல் ஐந்து வயதுக் குழந்தையுடையதாக இருந்தது.

"சீவினது இங்கதான். எண்ணினது இங்க இல்ல, மேல. அம்மா பலகையைப் பிடிச்சுக்கிட்டா, நான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தேன். ஓர் ஆணிக்கு ஓர் அடி, அடிக்கு ஒண்ணா எண்ணுன்னு சொன்னா. பன்னிரண்டு வரைக்கும் சரியா வந்தது. அம்மா சுத்தியலைக் கீழ வெச்சுட்டா. அப்புறம் இன்னொரு தட்டு கேட்டது. பதிமூணுன்னேன்."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்."