இருபது லட்சத்தில் கைக்கு வந்தது

புது வேலைக்கான கடிதம் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "வருஷத்துக்கு இருபது லட்சம்" என்று அவன் தம்பிக்கும் மைத்துனனுக்கும் சொல்லிவிட்டான். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம். அதை நம்பிக் கார் கடையில் முன்பணமும் கட்டினான். வகுக்கத் தெரிந்தாலே கணக்குத் தெரியும் என்று நினைக்கிற ரகம்.

அவன் மனைவி ஒரு மருத்துவமனையில் எண்ணூறு பேருக்குச் சம்பளப் பட்டியல் போடுபவள். "சம்பளச் சீட்டு அடிக்கிற வேலை" என்பான் அவன். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை முதலில் படித்தது அவள்தான்.

"இதுல ரெண்டரை லட்சம் வேரியபிள். வருஷக் கடைசியில, கம்பெனி மனசு வச்சா. கம்பெனி போடற பி.எஃப். ஒரு லட்சத்து இருபதாயிரம். உங்க காசுதான், ஆனா இப்ப கைக்கு வராது. கிராஜுவிட்டி நாப்பத்தெட்டாயிரத்து நூறு, அஞ்சு வருஷம் இருந்தாத்தான். இன்ஷூரன்ஸ் இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம், நேரா இன்ஷூரன்ஸ்காரனுக்கு."

"மிச்சம்?"

"பதினஞ்சு லட்சத்து அறுபதாயிரம். மாசம் ஒண்ணு முப்பது. அதுல உங்க பங்கு பி.எஃப். பத்தாயிரம் போகும். வரி ஒம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. கைக்கு ஒண்ணு பதினொண்ணு."

இப்போதைய வேலையில் அவன் கைக்கு வருவது ஒரு லட்சத்து ஐந்தாயிரம். வீட்டு வாசலில் அலுவலகப் பேருந்து வேறு.

"உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டு, அந்த நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு அதிகாரியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், மாசச் சம்பளத்த மட்டும் பாக்கக் கூடாது. டோட்டல் பேக்கேஜைப் பாருங்க" என்றது தேன் தடவிய குரல்.

மனைவி குறுக்கிட்டாள். "போன வருஷம் வேரியபிள் எத்தனை சதவீதம் குடுத்தீங்க?"

"அது கான்ஃபிடென்ஷியல், மேடம்."

"அதுல பாதியையாவது மாசச் சம்பளத்துல சேப்பீங்களா?"

"பாலிசி இல்லை, மேடம்."

"வேண்டாம், விட்டுடுங்க" என்றாள் அவள், அழைப்பு முடிந்ததும்.

"எல்லார்கிட்டயும் இருபதுன்னு சொல்லியாச்சு. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றது?"

அந்த மூஞ்சியைக் காப்பாற்றவே, நிதியாண்டின் முதல் நாள் புது வேலையில் சேர்ந்தான். மாதக் கடைசியில் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை நான்கு முறை படித்தான். 1,11,095. போகவர வண்டிச் செலவுக்கே ஏழாயிரம் ஆகியிருந்தது.

சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறைக்கு வந்து நின்றான். "அந்த பி.எஃப். பத்தாயிரத்தையாவது பிடிக்க வேண்டாம்னு எழுதிக் குடுத்தா?"

"ஏற்கெனவே மெம்பர். நினைச்சப்ப வெளிய வர முடியாது. இதுகூடத் தெரியாமலா கையெழுத்துப் போட்டீங்க?"

மறுநாள் கார் கடைக்குப் போய் முன்பதிவை ரத்து செய்தான். முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. கேட்டவர்களிடமெல்லாம் கலர் பிடிக்கவில்லை என்றான். அவள் திருத்தவில்லை, அந்தப் பொய்யாவது செலவில்லாததாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.