குறட்டைக்கு ஒரு பயிற்சி

"என் குறட்டை உங்க காதுல இடியா இறங்குமே. நான் ஹால்லயே படுத்துக்கறேன்," என்றாள் மனைவி.

"ஒரு வாரம்தான். அதுக்குள்ள சரியாயிடும்," என்றார் கணவர்.

அந்த ஒரு வாரம் ஒரு வருடத்தைத் தொடப்போகிறது. தொழிற்சாலையில் காற்றுக் குழாய் ஒன்று அவர் தலைக்குப் பக்கத்திலேயே வெடித்தது. அன்றிலிருந்து தட்டில் கரண்டி பட்டாலும் காதுக்குள் ஊசி குத்தும். மனைவி எவர்சில்வர் பாத்திரங்களைப் பரண் ஏற்றினாள். நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினாள். அவரோ விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டார். வலி குறையவில்லை, கூடியது.

"கேட்கும் திறன் நல்லாவே இருக்கு," என்றாள் செவித்திறனைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட். "மூளைதான் வால்யூமைக் கூட்டி வச்சிருக்கு. வீட்டுலயும் காதை அடைச்சா, இன்னும் கூட்டும். அடைப்பான் தொழிற்சாலைக்கு மட்டும் போதும்."

காதுக்குப் பின்னால் மாட்ட ஒரு சின்னக் கருவி கொடுத்தாள். தூரத்து மழை போல ஓயாத மெல்லிய இரைச்சல் அதிலிருந்து வரும். உறுத்தாத அளவில் தொடங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கூடவே ஒரு வேலையும் கொடுத்தாள்: "எந்தச் சத்தம் திரும்ப வேணுமோ, அதைப் பதிவு பண்ணி, மெதுவா வச்சுப் பழகுங்க. வலிச்சா குறைச்சுக்கோங்க. வால்யூம் உங்க கையில."

சில மாதங்கள் போயின. கரண்டிச் சத்தத்துக்கு இப்போது அவர் முகம் சுளிப்பதில்லை. நாற்காலிகள் துணியை அவிழ்த்துவிட்டன. மனைவிக்கு நிம்மதி. ஆனாலும் அவள் தலையணை ஹாலிலேயே கிடந்தது. கூப்பிட அவருக்கு ஆசைதான். கூப்பிட்டுவிட்டு, பாதித் தூக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்?

ஒருநாள் மாலை தேநீரோடு பால்கனிக்கு வந்தவள் நின்றுவிட்டாள். அவர் கையிலிருந்த போன் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, மேட்டுல ஏறற லாரியா?"

அவர் அவசரமாக அணைக்கப் பார்த்தார். விரல் தவறி, சத்தம் இன்னும் கூடியது. அவளுக்கு மெல்ல விளங்கியது.

"அடப்பாவி மனுஷா! இது நானா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ தூங்கறப்ப எடுத்தது."

"உலகத்துல வேற சத்தமே கிடைக்கலையா? குயிலு, அருவின்னு..."

"குயிலா என் பக்கத்துல படுக்கப்போகுது?"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், வாய்விட்டுச் சிரித்தாள். சட்டென்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சுளிக்கவில்லை. போனில் குறட்டை முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அதை நிறுத்தினார். தேநீரை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இன்னிக்கு உன் தலையணையை எடுத்துக்கிட்டு உள்ள வந்துடேன்."