மழை வாரத்து அப்பளம்

மீனாம்பிகை எண்ணைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். காரைக்குடி மொத்த வியாபாரி அப்துல் ஹலீம் போனில் திரும்பச் சொன்னார். அறுநூறு பெட்டி. எப்போதும் வாரம் இருநூறு எடுக்கிறவர்.

"அறுநூறா பாய்?"

"அறுநூறுதாம்மா. தேவகோட்டை, திருப்பத்தூரு, எல்லா லைன்லயும் கூப்பாடு. வாரா வாரம் வேணும். முடியுமா முடியாதான்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க."

ஆத்தங்குடி ரோட்டில் அவளுடைய அப்பளக் கம்பெனி. மாவு பிசைய ஒரு மெஷின், தேய்க்கப் பதினைந்து பெண்கள், காயப்போட ஒரு களம். வாரத்துக்கு முந்நூறு பெட்டி வரும். இருநூறு ஹலீமுக்கு. மீதி நூறு சிவகங்கைக்கு. அங்கே கல்லூரி விடுதிகளுக்குச் சமையல் ஒப்பந்தம் எடுத்திருக்கும் சரவணக்குமார் பல வருஷமாக அவளிடம்தான் வாங்குகிறார். விலை கொஞ்சம் அடித்துப் பேசுவார். ஆனால் அந்த நூறு, நூறாகவே இருக்கும்.

பக்கத்து ரைஸ்மில் களத்தை வாடகைக்குப் பிடித்து, ஆளும் சேர்த்தால்கூட, விடுதியை நிறுத்தினால்தான் அறுநூறு எட்டும். விடுதியை விட்டால் சரவணக்குமார் மதுரைப் பக்கம் போய்விடுவார். போனால் வரமாட்டார்.

களத்தில் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்த கருப்பம்மாள் காதில் அறுநூறு விழுந்துவிட்டது.

"ஆத்தாடி! தின்னுறது யாரு?"

கிண்டலாகத்தான் கேட்டாள். மீனாம்பிகைக்கு அது கிண்டலாகப் படவில்லை. விடுதிச் சரக்கு இனி இல்லை என்று சரவணக்குமாரிடம் சொல்ல எடுத்த போனைக் கீழே வைத்தாள். ஊருக்குள் கடைகளுக்குச் சரக்குப் போடும் நியாஸின் வேன் வாசலில் நின்றது. ஹலீமிடம் வாங்கி டவுன் லைன் பார்க்கிறவன். காலிப் பெட்டி இறக்க வந்திருந்தான். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னக்கா, டெலிவரிக்கா வாரீக?"

"ஆமா. சம்பளம் குடு."

முதல் கடை பாண்டிமுருகன் மளிகை. நியாஸ் உள்ளே நுழையுமுன் பாண்டிமுருகன் கத்தினான்.

"எங்கப்பா என் நாப்பது கட்டு?"

மீனாம்பிகை கேட்டாள். "போன வாரம் எத்தன கட்டு வித்தீக?"

"நாப்பது ஆர்டர் குடுத்துருக்கேன்ல?"

"ஆர்டர் கேக்கல. கடைய விட்டு வெளிய போனது."

அவன் பில் மெஷினைத் தட்டினான். "இருபது."

"அதுக்கு முந்தி, மழை வாரத்துல?"

"இருபத்திமூணு."

"மழைக்கு முந்தி?"

"இருபதுதான்." சொல்லிவிட்டு அவனே ஒரு நொடி மெஷினைப் பார்த்தான். "மழையில சந்தைக்குக் காய் வரலைல்ல. ரசத்த வச்சு அப்பளத்தப் பொரிச்சுட்டாக. இருப்புலருந்து கூட மூணு கட்டு போச்சு. அம்புட்டுத்தான்."

"பெறகு எதுக்கு நாப்பது?"

"அந்த வாரம் பாத்து நீங்க பாதிச் சரக்குத்தான அனுப்புனீக? இருபது கேட்டா பத்து வருது. நாப்பது கேட்டா இருபது வரும்."

வெயில் இல்லாமல் களம் நனைந்து கிடந்த வாரம் அது. தின்கிற கை கூடியதும், காய்கிற அப்பளம் குறைந்ததும் ஒரே மழையில். அவள் அதைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

பாண்டிமுருகன் குரலைத் தாழ்த்தினான். "நியாஸு, கோவிச்சுக்காத. ஷாஜியா ஏஜென்சியிலயும் ஒரு நாப்பது சொல்லி வச்சுருக்கேன். யாரு முந்திக் கொண்டாராகளோ அவுகட்ட எடுத்துக்கிட்டு, மத்தவுகள வேணாம்னுருவேன்."

"அடப்பாவி! பத்து வருசமா உனக்குச் சரக்குப் போடுறேன்!"

"அதான் உங்கிட்ட மொதல்ல சொன்னேன்."

ஷாஜியா ஏஜென்சியும் ஹலீமிடம்தான் வாங்குகிறது. அப்படியானால் யாரும் தின்னாத ஒரே நாற்பது, இரண்டு வாசல் வழியாக இரண்டு ஆர்டராக ஹலீமின் குடோனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்தடுத்த கடைகளிலும் அதே கதை. மழைக்கு ஒன்றிரண்டு கட்டு கூடியிருந்தது. இப்போது பழையபடி. ஆர்டர் மட்டும் இரட்டிப்பு. ஒருவன் கூடத் தேவைக்கு மேல் கேட்டதாக நினைக்கவில்லை.

வேன் ஓடும்போது நியாஸ் தானாகவே சொன்னான். "நானும் கொஞ்சம் சேத்துத்தான்க்கா சொன்னேன். சரக்கு வந்துசேர ஒரு வாரமாகுது. நடுவுல தீந்துட்டா கடைக்காரன் அடுத்த ஆளப் பாத்துப் போயிருவான்."

வேன் பெரிய வீடுகளின் நீண்ட சுவர்களை ஒட்டிப் போனது. உள்ளே எங்கோ ஒரு அடுப்பில், மழை நாளில், யாரோ ஒரு அப்பளம் கூடுதலாகப் பொரித்திருக்கிறார்கள். அது கடையில் இரண்டாகி, வேனில் இன்னும் பெருத்து, குடோனில் மலையாகி, தன் களத்தில் வந்து விழுந்திருக்கிறது.

குடோனில் அப்துல் ஹலீம் டீ வரவழைத்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"லைன்ல கேட்டது மொத்தம் எம்புட்டு பாய்?"

"நானூறு."

"மேல இருநூறு?"

"கையிருப்பு தொடச்சுக் கெடக்கும்மா. லைன் நானூறா ஏறுனா, நான் கையில வைக்கிறதும் ஏற வேணாமா? அது நான் போட்டது."

கடை கடையாகப் பார்த்ததை அவள் சொன்னாள். கூட மூன்று கட்டு. இரண்டு இடத்தில் ஒரே ஆர்டர். நியாஸ் சேர்த்தது. ஹலீமின் டீயில் ஆடை படிந்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்றார். "பொய் சொன்னது யாரும்மா?"

"ஒருத்தரும் இல்ல பாய். அவுகவுக எடத்துல எல்லாரும் சரி."

"அப்ப எம்புட்டுத் தருவீக?"

"இந்த ஒரு வாரம் இருநூத்தம்பது. தேய்க்க ரெண்டாளக் கூட்டி அம்பது ஏத்தித் தாரேன். அப்புறம் கடைல வித்த கணக்க நியாஸ்கிட்ட வாங்கிச் சொல்லுங்க, அத அனுப்புறேன்."

அவர் முகம் மாறியது. "நல்லா ரோசிச்சுக்கங்க. எங்கிட்ட இன்னிக்குக் கத்துறது வித்த கணக்கு இல்ல, கேட்ட கணக்கு. மிச்சத்த வேற கம்பெனில எடுப்பேன். ஒருக்கா எடுத்தா அவனுக்கும் என் குடோன்ல எடம் ஆயிரும்."

அவள் எழுந்தாள். தான் பார்த்தது பத்துக் கடை. தேவகோட்டையை அவள் பார்க்கவில்லை. வெளியே வந்து, மனசு மாறுவதற்குள் சரவணக்குமாரை அழைத்தாள். "திங்கக்கிழமை வழக்கம்போல நூறு வருதுண்ணே." எதற்காக இதைச் சொல்கிறாள் என்று புரியாமல், அவர் "சரிம்மா" என்றார்.

ஹலீம் சொன்னபடி செய்தார். வேறு ஊர் அப்பளம் லாரியில் வந்து இறங்கியது. அவளுடைய இருநூற்றைம்பதும் போனது. எல்லாக் கடைக்கும் கேட்டது கேட்டபடி கிடைத்தது. கிடைத்தவுடன் பாண்டிமுருகன் ஷாஜியா ஏஜென்சியை வேண்டாம் என்றான். அவனைப் போலவே மற்றவர்களும். அலமாரி நிறைந்த கடைக்காரன் அடுத்த வாரம் ஒன்றும் கேட்கவில்லை. நியாஸின் வேனில் பழைய பெட்டிகள் அப்படியே சுற்றின.

ஹலீமின் போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது.

"இந்த வாரம் வேணாம்மா. அடுத்த வாரமும் சந்தேகந்தான். குடோன்ல நடக்க எடமில்ல."

"சும்மா ஒரு அம்பது?"

"ஒண்ணும் வேணாம்மா."

பூஜ்யம். அவள் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அதைக் காதால் கேட்டபோது, அறுநூறைக் கேட்டதைவிட அதிகமாகத் திகைத்தாள்.

களத்தில் விடுதிக்கான நூறு மட்டும் காய்ந்தது. எல்லாருக்கும் வேலை இல்லை. முறை போட்டு, பாதிப் பேர் ஒருநாள், மீதிப் பேர் மறுநாள் என்று வந்தார்கள். கருப்பம்மாள் வெறும் தட்டுகளை அடுக்கிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அறுநூறுன்னாக. இப்ப ஒண்ணுமில்லங்கிறாக. சனங்களுக்கு அப்பளம் அலுத்துப்போச்சா?"

மதியச் சாப்பாட்டு நேரம். எதிர் வரிசை வீடுகளிலிருந்து எண்ணெய் காயும் வாசம் வந்தது. ஒரு வீட்டுச் சமையல்கட்டில் அப்பளம் சடசடவென்று பொரியும் சத்தம். பிறகு அடுத்த வீட்டில்.

"கேளு," என்றாள் மீனாம்பிகை.

இரண்டு பேரும் நின்று கேட்டார்கள்.