வாமனரின் கண்

விஜயவாடாவில் ஒரு பொம்மைக் கடையில் அனசூயாவின் வேலை, வாடிக்கையாளர்கள் போனில் அனுப்பும் படங்களைப் பார்த்து, எந்த ஊர்ப் பொம்மை என்று சொல்வது. தசரா நெருங்கும்போது படங்கள் குவியும். கொலுவில் ஒன்று உடைந்திருக்கும். அதே வகையில் இன்னொன்று வேண்டும் என்பார்கள். அனசூயா பக்கத்து மரப்பொம்மை ஊரான கொண்டபள்ளியைச் சேர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து கணவன் சூரண்ணா செதுக்குவான், அவள் வர்ணம் தீட்டுவாள். ஒருநாள் அவன் சொல்லாமல் கிளம்பிப் போனான். திரும்பவில்லை. அதன்பிறகுதான் கடை வேலைக்கு வந்தாள்.

அன்று கர்நாடகத்துக் கங்காவதியிலிருந்து கிரிஜவ்வா என்ற பெண் தசாவதாரப் படங்கள் அனுப்பியிருந்தாள். பத்தில் ஆறுதான் முடிந்திருந்தது. மற்ற நான்கும் செதுக்கிய வெறும் மரம். சன்னபட்டணத்துப் பாணி என்று யாரோ சொன்னார்களாம். அங்கே யாராவது முடித்துத் தருவார்களா என்று கேட்டிருந்தாள்.

சன்னபட்டணம் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. அங்கே கடைசலில் சுழற்றி, சுழலும்போதே அரக்கேற்றுவார்கள். உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். இதில் கைகள் தனியாகச் செதுக்கி ஒட்டப்பட்டிருந்தன. மகுடத்திலும் நகைகளிலும் இருந்த மினுக்கம், வெள்ளீயத்தைப் பொடித்துப் பசையில் குழைத்துத் தேய்க்கும் கின்னாளத்து வேலை. கங்காவதிக்குக் கின்னாளம் பக்கம்தான். அப்படியே பதில் எழுதியிருப்பாள். ஆனால் நரசிம்மரின் தோள் சற்றே உடைந்திருந்தது.

அந்த இடத்தை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். கின்னாளத்திலும் கொண்டபள்ளியிலும் லேசான வெள்ளை மரம்தான், அதை வைத்துச் சொல்ல முடியாது. கின்னாளத்தில் மூட்டுகளின் மேல் புளியங்கொட்டைப் பசையில் நனைத்த சணல் துணி ஒட்டி, கூழாங்கல் பொடி பூசுவார்கள். வந்த படத்தில் சணல் நூல் ஒன்றுகூட இல்லை. மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த மக்குப் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு. கொண்டபள்ளி உடம்பு, கின்னாளத்து நகை.

பிறகுதான் வாமனரின் கண்ணைப் பார்த்தாள். கீழிமைக் கோடு மூக்கோரத்தில் தொடங்கி, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு, மறுபடி ஓடியது. கொண்டபள்ளியில் யாரும் அப்படிப் போடுவதில்லை. தூரிகையில் வர்ணம் தீரும் இடத்தில் நிறுத்தி மறுபடி தோய்த்துப் போடுவது அவளுடைய பழக்கம். அது அவளுடைய கண். அவள் தீட்டாத பொம்மையில் இருந்தது.

சாயங்காலம் ஊருக்குப் போய் கொழுந்தன் பத்ரய்யாவிடம் படத்தைக் காட்டினாள். அவனும் செதுக்குகிறவன். வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்தான்.

"வேற யாராச்சும் பாத்துப் போட்டிருக்கலாம், அண்ணி."

"செதுக்கினது?"

போனைத் திருப்பித் தந்தான். பிறகு மெல்ல, "தோள் இறக்கம் அண்ணனோடதுதான்" என்றான்.

அவன் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டுக் கிரிஜவ்வாவுக்குப் போன் செய்தாள். கிரிஜவ்வாவுக்குத் தெலுங்கு நன்றாகவே வந்தது. செய்தவர் யார் என்று அனசூயா கேட்டாள்.

"என் வீட்டுக்காரருதான்க்கா. போன மாசம் நெஞ்சுவலில போயிட்டாரு. தசராவுக்குத் தர்றேன்னு ஒத்துக்கிட்டது, அதான் யாராச்சும் முடிச்சுத் தருவாங்களான்னு."

"பேரு?"

"சூரண்ணா."

பத்ரய்யா உட்கார்ந்துவிட்டான். அனசூயா நின்றபடியே இருந்தாள். தனக்கு என்னவோ ஆகும் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் அரம் தேய்க்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அது கொண்டபள்ளி பொம்மைம்மா. கண்ணு நான் போடுற கண்ணு. அவரு எனக்கும் வீட்டுக்காரரு" என்றாள்.

கிரிஜவ்வா சொன்னாள்: "மொதப் பொண்டாட்டி செத்துப்போயிட்டான்னாரு. கண்ணு போடும்போது யாரையும் பக்கத்துல வரவிட மாட்டாரு."

அனசூயா அந்த நான்கையும் அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். நீ எதுக்கு முடிச்சுத் தரணும் என்று பத்ரய்யா சத்தம் போட்டான். தெரியவில்லை என்றாள். உண்மையில் தெரியவில்லை.

வைக்கோல் சுற்றிப் பெட்டி வந்தது. சுண்ணாம்பு பூசிக் காயவைத்தாள், வர்ணம் தீட்டினாள். மினுக்கு வேலை அவளுக்குத் தெரியாது. அதை அங்கேயே யாரிடமாவது செய்துகொள்ளச் சொன்னாள். பத்ரய்யா ஆற்றங்கரைக்குப் போய் அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தான். இலை போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டாள். பொட்டை எடுத்துவிடலாமா என்று பெரியம்மா முறையுள்ள ஒருத்தி கேட்டபோது, யாரையோ கேட்பதுபோல இருந்தது. தலையாட்டினாள்.

கடைசியாகக் கண்களைத் தீட்டினாள். கல்கியின் குதிரைக்கும் சேர்த்து எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் கிரிஜவ்வா கூப்பிட்டாள். வருஷத் திதிக்கு வருவீங்களாக்கா என்றாள்.

"இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியலம்மா. அப்பக் கூப்பிடு."

கடையில் புதிய படம் ஒன்று காத்திருந்தது. யாரோ ஒருவருடைய யானை, துதிக்கை உடைந்து. பெரிதாக்கி, உடைந்த இடத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.