பட்டியலிலிருந்து எடுத்த வார்த்தை

அண்ணிக்குத் தைக்கத் தெரியும், போனைத் தடவத்தான் வராது. அதனால் கடையின் இணையப் பக்கத்தை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். பருமனான பெண்களுக்கென்றே துணி தைக்கும் கடை அது. தைத்ததை அண்ணியே உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் ஒரு சுற்று சுற்றுவாள். நாத்தனார் வீடியோ எடுத்துப் போடுவாள். வேறு யாரை நிறுத்துவது? கடைப் பொம்மைகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் அண்ணியின் அளவுக்கு வராது.

போன் டிங் என்னும். "என்னடி வந்திருக்கு?" என்பாள் அண்ணி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒண்ணுமில்ல அண்ணி, ஆர்டர்தான்."

எட்டு மாதமாக இதே பதில். அண்ணியும் நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

நாத்தனார் காய்ச்சலில் படுத்த அன்றுதான் போன் அண்ணி கைக்கு வந்தது. முந்தின நாள் போட்ட வீடியோவைத் திறந்தாள். விலை கேட்டு மூன்று பேர். வைது பதினேழு பேர். யானை, பூசணி, தண்ணி லாரி, அதற்கும் கீழே வாயில் வைக்க முடியாதவை. ஒருவன் அவளைப் பெற்றவளையும் விட்டுவைக்கவில்லை. அடப்பாவிகளா! ஒரு நாளைக்கே இத்தனை என்றால் எட்டு மாதத்து வசவெல்லாம் எங்கே போயிற்று? இந்தப் பெண் ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றாக அழித்திருக்கிறாள். அவர்கள் எழுதியதைவிட, அவள் படித்தாள் என்பதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை.

மாத்திரையும் வெந்நீருமாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பக்கத்த மூடிடலாம்டி."

"ஐயோ, ஏன் அண்ணி?"

"தினம் இந்தச் சாக்கடைய அள்ளணும்னு உனக்கென்ன தலையெழுத்தா?"

நாத்தனார் திருட்டு முழி முழித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அதுக்கு ஒரு வழி இருக்கு அண்ணி. செட்டிங்ஸ்ல வார்த்தைகள எழுதி வெச்சுட்டா, அது இருக்கற கமெண்ட் வந்ததுமே தானா மறைஞ்சிடும். எழுதினவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் மட்டும் தெரியும். மத்தவங்க யாருக்கும் தெரியாது. மறைஞ்சதே அவனுக்குத் தெரியாது."

"செவுத்துகிட்டப் பேசிட்டிருப்பான்னு சொல்லு! இத முதல்லயே செய்யறதுக்கென்ன?"

"உங்களப் பத்தின அந்த வார்த்தைய எல்லாம் நானே உட்கார்ந்து எழுதணுமே. மனசு வரல."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் சொல்றேன், நீ எழுது" என்றாள்.

பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்து வைத்த சரக்கு, சும்மாவா! தமிழில், ஆங்கில எழுத்தில், எழுத்துப் பிழையோடு என்று ஒன்றையே நாலு விதமாக எழுதினார்கள். "குண்டுன்னு போட்டியா? குண்டான்னும் போடு." முப்பதாவது வார்த்தைக்கு வரும்போது இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

முதல் வாரம் நிம்மதி. இரண்டாவது வாரமும் அதே அமைதி. ஆனால் விலை கேட்கவும் ஆள் இல்லை. "சூப்பர்" என்று இரண்டு பேர், ஒரு பூப்படம், அவ்வளவுதான்.

"நம்மள மறந்துட்டாங்கடி," என்றாள் அண்ணி. "இந்த மாசத்தோட மூடிடலாம்."

நாத்தனாருக்கு ஏதோ உறுத்தியது. மறைந்தவை இருக்கும் இடத்தைத் திறந்தாள். வசவுகளுக்கு நடுவே ஒன்று: "நானும் குண்டுதான் அக்கா. பதினஞ்சு நாள்ல கல்யாணம். எனக்குத் தைச்சுத் தருவீங்களா?" இன்னொன்று: "என் பொண்ணு கொஞ்சம் குண்டா இருப்பா. யூனிஃபார்ம் எங்கயும் கிடைக்கல." இப்படிப் பதினோரு பேர். வந்தவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லாமல் எப்படித் துணி கேட்பார்கள்? இது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"அடிப்பாவி, வாசல்ல வந்தவங்கள நாமளே வெளிய நிறுத்தி வெச்சிருக்கோம்!"

நாத்தனார் பட்டியலிலிருந்து 'குண்டு' என்ற அந்த வார்த்தையை எல்லா விதத்திலும் எடுத்தாள். முன்பே மறைந்தவை தாமாகத் திரும்பவில்லை. பதினொன்றையும் கையால் வெளியே எடுத்து, மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டாள். கல்யாணப் பெண்ணுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. வேறு எங்கும் கிடைக்கவில்லையாம். அண்ணி அன்றைக்கே துணியை வெட்டிவிட்டாள்.

"அத எடுத்துட்டா, அந்த வார்த்தைல வையறவனும் உள்ள வருவானே அண்ணி."

"வரட்டும். அந்த ஒரு வார்த்தை என் பங்கு. நீ எட்டு மாசம் எனக்காக அள்ளினது போதும், என் தாயே. இந்த நன்றிய எந்த ஜென்மத்துல தீர்ப்பேன்! எப்படி மறைக்கறதுன்னு மட்டும் காட்டிக் குடு."

காட்டிக் கொடுத்தாள். போன் அன்றிலிருந்து அண்ணியின் மெஷின் மேல் இருந்தது.

கல்யாணப் பெண்ணின் துணிக்கு நாத்தனார் கொக்கி தைத்துக்கொண்டிருக்கும்போது டிங் என்றது. அண்ணி எடுத்துப் பார்த்தாள். விரலால் இரண்டு தரம் தொட்டாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன அண்ணி வந்திருக்கு?"

"ஒண்ணுமில்லடி, ஆர்டர்தான்."

நாத்தனார் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.